வாங்கினவங்களையே துரத்தின நம்ம ரீடார்கெட்டிங் விளம்பரம், உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

இளம்பிள்ளை தறிக்காரன்
போன ஆவணில நடந்தது, இன்னும் உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதறேன். சைட்டுக்கு வந்து புடவை பாத்துட்டு வாங்காம போனவங்களுக்கு மட்டும் இன்ஸ்டா, ஃபேஸ்புக்ல விளம்பரம் ஓட்டிட்டு இருந்தேன், ஒரு நாளைக்கு 800 ரூவா. போட்ட காசுக்கு எத்தனை மடங்கு விற்பனைன்னு சொல்ற ROAS 9னு காட்டுது, எனக்கு தலைகால் புரியல. ஒரு நாள் காலைல தறி சத்தத்துக்கு நடுவுல ஒரு அம்மா போன்ல வர்றாங்க. "தம்பி, பொண்ணு வளைகாப்புக்கு உன்கிட்ட தான் அரக்கு கலர் எடுத்தேன், 2,350 குடுத்து. இப்ப போனை தொறந்தா அதே புடவை, அதே அரக்கு, 15 பர்சன்ட் தள்ளுபடின்னு வருது. சோறு ஆக்கறப்ப வருது, படுக்கறப்ப வருது. முதல்லயே வாங்கினவ இளிச்சவாயா?"

நான் வாயடைச்சு போயி 352 ரூவாயை அப்பவே ஜீபேல திருப்பி போட்டுட்டேன். சாயங்காலம் உக்காந்து ஆட்ஸ் மேனேஜர்ல, ஆளுக்கு சராசரியா எத்தனை தடவை காட்டியிருக்குன்னு சொல்ற Frequency காலம் சேத்து பாத்தா, ஏழு நாளைக்கு 20.6. அந்த காலத்தை அதுவரைக்கும் நான் சேத்ததே இல்ல. ஆனா வாங்கினவங்களை விலக்கி தான் வச்சிருந்தேன், `Purchase` ஆடியன்ஸ் எக்ஸ்க்ளூட்ல இருந்துச்சு. அப்புறம் அந்த அம்மா எப்படி உள்ள வந்தாங்க?

மச்சான் மார்க்கெட்டிங்
ப்ரோ இது சிம்பிள். ஃப்ரீக்வன்சி 3 தாண்டவே கூடாது, தாண்டுச்சுன்னா ஆட் செத்துருச்சுன்னு அர்த்தம். ஆட் செட்ல ஃப்ரீக்வன்சி கேப்னு ஒண்ணு இருக்கு, அதுல ஏழு நாளைக்கு 2னு போட்டுட்டு தூங்கலாம். அப்புறம் உங்க போட்டோ எல்லாம் மாத்துங்க, மாடல் கட்டின மாதிரி ரீல் எடுங்க, பேக்கிங் வீடியோ போடுங்க, கேப்ஷன்ல விலையை முதல் வரிலயே சொல்லுங்க, லோகோவையும் ஒரு தடவை பாருங்க, அந்த பச்சை எனக்கு செட் ஆகல. என்கிட்ட ஒரு ஜிம் கிளையண்ட் வந்தாரு, இதே கேஸ் தான், கேப் போட்டேன், சரியாச்சு.

பிக்சல் அக்கா
மச்சான், லோகோ பத்தி யாரு கேட்டா. அந்த கேப் பெட்டி Awareness கேம்பெய்ன்ல வரும். தறிக்காரர் Sales-ல ஓட்டறாரு, கன்வர்ஷனுக்கு ஓட்டறப்ப அப்படி கடுமையா கட்டிப்போட முடியாது. உங்க ஜிம்காரருக்கு ரீச்சுக்கு ஓட்டியிருப்பீங்க.

தறிக்காரரே, இந்த மாதிரி கேம்பெய்ன்ல குழாயை மூடறது பட்ஜெட்ல தான். உங்க ரீச், அதாவது எத்தனை பேருக்கு போச்சுன்னு சொல்லல, 20.6ஐ வச்சு பாத்தா ஒரு 1,800 பேர் இருப்பாங்க. ஆயிரம் தடவை காட்ட 150 ரூவா ஆகுதுன்னு வைங்க, 800 ரூவாய்க்கு ஒரு நாளைக்கு 5,300 தடவை, வாரத்துக்கு 37,000 சொச்சம். அதை 1,800 பேருக்கு பங்கு போட்டா ஆளுக்கு இருபது வராம என்ன செய்யும்? ஊருல 1,800 பேர் தான் இருக்காங்க, நீங்க 37,000 நோட்டீஸ் அடிச்சுட்டீங்க. தலைகீழா போடுங்க: ஆளுக்கு வாரம் 4 போதும்னா 7,200 தடவை, அதுக்கு 1,080 ரூவா, அதாவது ஒரு நாளைக்கு 155. அவ்வளவு தான் அந்த ஆடியன்ஸ் தாங்கும். மிச்சத்தை புது ஆளுங்களை கூட்டிட்டு வர்றதுல போடுங்க. இன்னொண்ணு, 20.6ங்கறது சராசரி. ரெண்டு தடவை பாத்தவரும் இருப்பாரு, அறுபது தடவை பாத்தவரும் இருப்பாரு. உங்களுக்கு போன் பண்ணினது அந்த அறுபது.

அந்த அம்மா உள்ள வந்த கதை வேற. யூபிஐல கட்டினாங்களான்னு பாருங்க. பேமெண்ட் பக்கத்துல இருந்து ஜீபேக்கு தாவி பணம் கட்டறாங்க, பச்சை டிக் வந்ததும் போனை கீழ வச்சுடறாங்க, திரும்பி ப்ரவுசருக்கு வர்றதே இல்ல. உங்க "நன்றி" பக்கம் லோடே ஆகலன்னா, வாங்கிட்டாங்கன்னு மெட்டாவுக்கு சொல்ற `Purchase` எப்படி அடிக்கும்? மெட்டாவுக்கு அந்த அம்மா கார்ட்ல போட்டுட்டு ஓடிப்போனவங்க, அதான் விடாம துரத்துது. எனக்கு ஒரு மசாலா கடை கணக்குல இது தெரிய நாலு மாசம் ஆச்சு. கடைல வந்த ஆர்டரை ஒரு பக்கம், `Purchase` எண்ணிக்கையை ஒரு பக்கம் வச்சு பாத்தேன், நாள் தவறாம `Purchase` ஆர்டரை விட கம்மியா தான் இருந்துச்சு. பேமெண்ட் கேட்வே பணம் வந்துச்சுன்னு உங்க சர்வருக்கு சொல்லும் பாருங்க, அங்கிருந்தே நேரா மெட்டாவுக்கு கன்வர்ஷன்ஸ் ஏபிஐ வழியா `Purchase` அனுப்ப வைங்க. ப்ரவுசர்ல இருந்து போறதுக்கும் இதுக்கும் ஒரே `event_id` குடுக்கணும், இல்லன்னா ஒரு புடவை ரெண்டா எண்ணும்.

வடபழனி வாசகி
நான் கடைக்காரி இல்ல, பாக்கற ஆளு, இருந்தாலும் சொல்றேன். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சப்ப ஒரு சைட்ல வாக்கர் பாத்தேன், ஒரே ஒரு தடவை. மூணு வாரத்துல அப்பா போயிட்டாரு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவங்க போட்ட போட்டோ பாக்க போனை எடுக்கறேன், நடுவுல "இன்னும் யோசிக்கிறீங்களா?"ன்னு அந்த வாக்கர். அதுக்கப்புறமும் ரெண்டு மாசம் வந்துச்சு. இதை எப்படி நிறுத்தறதுன்னு யாராவது சொல்லுங்க.

பிக்சல் அக்கா
மேடம், மனசு கஷ்டமா இருக்கு. விளம்பரத்து மேல மூணு புள்ளியை தொட்டு Hide ad குடுங்க. செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் சென்டர் உள்ள போனா வெளி சைட்டுங்க உங்களை பத்தி அனுப்பினதை அழிக்கற இடமும் இருக்கு.

கடைக்காரங்களுக்கு தான் இது பாடம். சைட் ஆடியன்ஸை 180 நாள் வரைக்கும் வச்சுக்கலாம்னு மெட்டா விடுது, அதுக்காக எல்லாரும் 180ஏ போட்டுடறாங்க. வாக்கர் தேவைப்படறவங்க ஒரு வாரத்துல எங்கயாவது வாங்கிடுவாங்க. புடவைக்கு 14 நாள், மிஞ்சினா 30. அதுக்கு மேல துரத்தறது வீண்.

மச்சான் மார்க்கெட்டிங்
அக்கா எல்லாத்துக்கும் 14 நாள்னு அடிச்சு விடாதீங்க. நான் 40,000 ரூவா கோர்ஸ் ஒண்ணு விக்கறேன், ஜனங்க ரெண்டு மாசம் யோசிப்பாங்க. எனக்கு ஃப்ரீக்வன்சி 11 போச்சு, சேல்ஸ் வந்துச்சு.

திருச்சி எக்செல்
நேத்து தான் 3 தாண்டினா ஆட் செத்துருச்சுன்னீங்க?

மச்சான் மார்க்கெட்டிங்
அது வேற இது வேற ப்ரோ. நான் மூணு விதமான வீடியோ மாத்தி மாத்தி விடுவேன், ஒண்ணு படிச்சவங்க பேசறது, ஒண்ணு வகுப்பு, ஒண்ணு ஃபீஸ் விவரம். ஒரே வீடியோவை 11 தடவை காட்டினா நானே பிளாக் பண்ணிடுவேன்.

பிக்சல் அக்கா
இது நியாயம். நம்பரை மட்டும் பாத்து ஏமாறாதீங்க. ஃப்ரீக்வன்சி ஏற ஏற ஒரு ஆர்டருக்கு ஆகற செலவும் ஏறுதா, டெலிவரி காலத்துல Creative fatigueன்னு வருதான்னு பாருங்க. கமெண்ட்ல "எத்தனை தடவைடா"ன்னு திட்டு விழ ஆரம்பிச்சா அதுக்கு மேல அத்தாட்சி வேணாம்.

இளம்பிள்ளை தறிக்காரன்
அக்கா சொன்னது அப்படியே. அந்த அம்மா ஜீபே தான். ஒரு வாரத்துல வந்த 41 ஆர்டர்ல 29க்கு தான் `Purchase` அடிச்சிருக்கு, மிச்ச 12 பேரையும் நான் துரத்தியிருக்கேன். சர்வர் வேலையை ஒரு தம்பிகிட்ட குடுத்திருக்கேன், அதுவரைக்கும் வாங்கினவங்க நம்பரை 91 சேத்து வாராவாரம் லிஸ்ட்டா ஏத்தி விலக்கறேன். பட்ஜெட் 150, ஆடியன்ஸ் 14 நாள். அரக்கை எடுத்துட்டு ஒரு வாரம் முந்தானை குளோசப், அடுத்த வாரம் தறி வீடியோ.

அந்த 9 ROAS பெரும்பாலும் புகை போல. விளம்பரத்தை தொடாம சும்மா பாத்துட்டு ஒரு நாளைக்குள்ள வாங்கினதை கழிச்சு, கிளிக் பண்ணி வாங்கினதை மட்டும் வச்சா 4 கூட தேறல. புரட்டாசில பத்து நாள் மொத்தமா நிறுத்தியே பாத்தேன், ஒரு நாளைக்கு 6 ஆர்டர் 5 ஆச்சு. அது விளம்பரம் இல்லாததாலயா, புரட்டாசில கல்யாணம் இல்லாததாலயான்னு இன்னும் புரியல.

திருச்சி எக்செல்
பாதி பேருக்கு காட்டி பாதி பேருக்கு காட்டாம விட்டா தான் தெரியும் அண்ணா. 1,800 பேரை வச்சு அதுவும் கஷ்டம்.

இளம்பிள்ளை தறிக்காரன்
இருக்கட்டும். அந்த அம்மா ஐப்பசில இன்னொரு புடவை எடுத்தாங்க. சைட் லிங்க் அனுப்பவான்னு கேட்டேன். "வேணாம் தம்பி, வாட்ஸப்புல போட்டோ மட்டும் அனுப்பு, லிங்க்கை தொட்டா அது வீட்டுக்குள்ள வந்துடுது"ன்னாங்க.