நிரம்பாமை எண் 2 வந்தது, இரட்டைப் பிணைப்பு ஒன்றுமே இல்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

உவர்மலைக்காரன்

இரண்டு கிழமையாக மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதினால் போய்விடும் என்று பார்க்கிறேன்.

ஆய்வுகூடத்தில் சேர் ஒரு குப்பியைத் தந்தார். லேபல் இல்லை, சூத்திரம் மட்டும் பலகையில்: C10H18O. பத்துக் காபன் முழுவதும் நிரம்பியிருந்தால் பத்தின் இரட்டிப்போடு 2 சேர்த்து ஐதரசன் 22. இருப்பது 18. நாலு குறைவு, பாதி 2, அதுதான் நிரம்பாமை எண். ஒட்சிசன் கணக்கில் வராது. இதெல்லாம் அரை நிமிட வேலை. "இரண்டு இரட்டைப் பிணைப்பு, சேர்" என்றேன். முன் வாங்கில் இருந்து எழும்பிச் சொன்னேன், அதுதான் இப்போதும் சுடுகிறது.

"அப்ப புரோமீன் நீரை விட்டுப் பாரும்" என்றார். இரட்டைப் பிணைப்பு இருந்தால் அதன் நிறம் போய்விடும். விட்டுக் குலுக்கினேன். கீழே இருந்த தண்ணீர் வெளுத்துப் போனது. "நிறம் போச்சு சேர்!" என்று கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சோதனைக் குழாயை என் கையில் இருந்து வாங்கி, யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். வெளியே மதிலோரம் வழமை போல மான் ஒன்று யாரோ போட்ட சொப்பின் பையைச் சப்பிக்கொண்டு நின்றது. குழாயில் கீழே தண்ணீர் வெளிர், மேலே மிதந்த எண்ணெய்ப் படை நல்ல செம்மஞ்சள். புரோமீன் எங்கேயும் போகவில்லை, தண்ணீரை விட்டு எண்ணெய்க்கு மாடி ஏறியிருக்கிறது, அவ்வளவுதான்.

குப்பியில் இருந்தது சினியோல், யூக்கலிப்டஸ் தைலத்தில் இருக்கிற சாமான். இரண்டு வளையம், இரட்டைப் பிணைப்பு பூச்சியம். ஒரு வளையம் மூடினாலும் இரட்டைப் பிணைப்பு மாதிரியே ஐதரசன் இரண்டு குறையும். அந்த இரண்டில் ஒரு வளையம் ஒட்சிசன் வழியாகப் பாலம் போட்டு மூடுகிறது. ஒட்சிசனைக் கணக்கில் எடுப்பதில்லை என்று படித்த நான், அது வளையத்துக்குள் உட்காரும் என்று யோசிக்கவே இல்லை.

மூதூர்த் தங்கை

அண்ணா, உங்களுக்கு விடை பிழைத்தது. எனக்கு விடைத்தாளே பிழை. மாதிரிப் பரீட்சையில் பரசிற்றமோல் வந்தது, C8H9NO2. ஒட்சிசனை விட்டுவிட வேண்டும், குளோரீன் இருந்தால் ஐதரசன் மாதிரி எண்ணிக் கழிக்க வேண்டும். நைதரசனும் அப்படித்தானே? 18இல் 9ஐயும் 1ஐயும் கழித்தால் 8, பாதி 4. பென்சீன் வளையம் சரியாக 4 எடுக்கும். கணக்கு முடிந்தது.

ஆனால் விடையில் 5 என்று போட்டிருந்தார்கள். அச்சுப்பிழை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். 4ஐ வைத்து நான் கீறிய கட்டமைப்பில் ஐதரசன் 11 வந்தது, அது மட்டும் கொஞ்சம் இடிக்கிறது.

பழைய சோக்கட்டி

தங்கச்சி, இடிக்கிறது என்று நீங்களே பிடித்துவிட்டீர்கள், அப்புறம் ஏன் விட்டீர்கள்? முப்பது வருசம் இதே பாடத்தைக் கற்பித்தவள் என்பதால் கேட்கிறேன்.

மெதைலமீனை எடுங்கள், CH5N. ஒரு காபன், ஒரு நைதரசன், எல்லாம் ஒற்றைப் பிணைப்பு, வளையம் இல்லை. விடை பூச்சியமாக வர வேண்டும். உங்கள் முறைப்படி 4இல் 5ஐயும் 1ஐயும் கழித்தால் மைனஸ் 2, பாதி மைனஸ் 1. மைனஸ் ஒரு வளையத்தைக் கொப்பியில் எப்படிக் கீறுவீர்கள்?

குளோரீனுக்கு ஒரு கை. ஓர் ஐதரசனைத் தள்ளிவிட்டு அதன் கதிரையில் இருக்கும், ஆகவே ஐதரசனோடு சேர்த்து எண்ணலாம். ஒட்சிசனுக்கு இரண்டு கை. இரண்டு அணுக்களுக்கு நடுவே புகுந்துகொள்ளும், யாரும் கதிரையை விட்டு எழும்பத் தேவையில்லை. நைதரசனுக்கு மூன்று கை. நடுவே புகுந்த பிறகும் ஒரு கை மிச்சம், அதில் தன்னுடைய ஐதரசன் ஒன்றைக் கூடவே கூட்டி வரும். ஆகவே இருக்கக்கூடிய ஐதரசன் ஒன்று கூடுகிறது. கழிப்பதல்ல, கூட்டுவது. 18ஓடு 1 சேர்த்து 19, அதில் 9 போக 10, பாதி 5. வளையத்துக்கு 4, C=Oக்கு 1. அந்த C=Oஐத் தவறவிட்டதால்தான் உங்கள் படத்தில் இரண்டு ஐதரசன் கூடி 11 ஆனது.

டச்பே

இரசாயன ஆசிரியர்கள் எல்லாம் இருக்கிற இடத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளாக இருந்தவன். எந்த இடம் என்று வேண்டாம்.

அலுமாரியில் பழைய போத்தல் ஒன்று. உள்ளே வெள்ளைப் பளிங்கு, ஓரமெல்லாம் கறுத்திருந்தது. லேபலில் பெயர் அழிந்து C6H8ClN மட்டும் மிச்சம். பென்சீன் வளையம் உள்ள சாமான் என்று பெரியவர் சொல்லியிருந்தார். நான் உட்கார்ந்து போட்டேன்: 14, நைதரசனுக்கு 1 கூட்டி 15, ஐதரசன் 8, குளோரீன் 1 போக 6, பாதி 3. வளையத்துக்கே 4 வேண்டும். சரி, சூத்திரத்தைப் பிழையாக எழுதிவிட்டார்கள் என்று லேபலில் 8ஐ வெட்டி 6 ஆக்கினேன். நீலப் பேனையால்.

பிறகுதான் தெரிந்தது, அது அனிலீன் ஐதரோகுளோரைட்டு. உப்பு. அனிலீன் C6H7N, அதற்கு 4 சரியாக வருகிறது. HCl வெளியில் இருந்து ஒட்டிக்கொண்டபோது ஐதரசனும் குளோரீனும் ஆளுக்கு ஒன்று கூட, எண் ஒன்று இறங்கிவிட்டது. வளையம் அப்படியேதான் இருக்கிறது. முதலில் HClஐக் கழற்றி வைத்துவிட்டுக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்த நீல வெட்டை யாரும் திருத்தினார்களோ தெரியாது.

நிலாவெளி அம்மா

கொழுப்புப் பற்றி என்று நினைத்து உள்ளே வந்தேன். இவருக்குக் கொலஸ்ட்ரோல் கூட, நிரம்பாத கொழுப்பு நல்லது என்று டொக்டர் சொன்னார். இந்த எண் கூட இருந்தால் நல்ல எண்ணெயா? தேங்காய் எண்ணெய்க்கு எத்தனை?

பழைய சோக்கட்டி

அம்மா, சமையல் எண்ணெய்க்கு இந்தக் கணக்கு உதவாது. இது C=Oஐயும் சேர்த்து எண்ணும். ஒலிவ் எண்ணெயில் கூட இருக்கிற ஒலெயிக் அமிலம் C18H34O2, எண் 2. அதில் ஒன்று அமிலப் பக்கத்து C=O, மற்றதுதான் டொக்டர் சொன்ன இரட்டைப் பிணைப்பு. தேங்காய் எண்ணெயில் கூட இருக்கிற லோரிக் அமிலம் C12H24O2, அதற்கும் 1 வரும், ஆனால் அது முழுக்க நிரம்பியது. எண்ணெய்க்காரர் பார்ப்பது அயடீன் பெறுமானம், அது C=C ஐ மட்டும் பிடிக்கும். எந்த எண்ணெய் வாங்குவது என்பதை டொக்டரிடமே கேளுங்கள்.

சீனன்குடா 87

என் அனுபவம் இரண்டு வரிதான்: பரீட்சையில் C8H8 வந்தது, 5, ஸ்டைரீன் என்று எழுதினேன், சரி.

ஆனால் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எண் வந்தவுடன் முதலில் அது முழு எண்ணா என்று பாருங்கள். அரை வந்தால் சூத்திரத்தைப் பிழையாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள், இல்லாவிட்டால் நைதரசனை மறந்திருக்கிறீர்கள். பிறகு 4க்குக் குறைவா என்று பாருங்கள். குறைவென்றால் பென்சீன் வளையத்தை மறந்துவிடுங்கள். 4 அல்லது அதற்கு மேல், காபனும் 6 அல்லது அதற்கு மேல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பென்சீன் கீறுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம். நான் எல்லாக் கடந்தகால வினாத்தாள்களையும் செய்து பார்த்தவன், இது பிழைத்ததில்லை. உவர்மலைத் தம்பி விட்ட பிழை என்னவென்றால் 2ஐப் பார்த்தவுடன் வாய் திறந்தது. 2 என்றால் நாலு வழி: இரண்டு இரட்டை, ஒரு இரட்டை ஒரு வளையம், இரண்டு வளையம், ஒரு மும்மை. நாலையும் ஓரத்தில் எழுதிவிட்டு ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். கொப்பியை நேராக மடித்து வையுங்கள், இடப்பக்கம்...

டச்பே

அண்ணை, கண்ணை மூடிக்கொண்டா? அனிலீன் உப்புக்கு 3தானே வந்தது, "குறைவென்றால் பென்சீனை மறந்துவிடுங்கள்" என்கிறீர்கள். மேலே எழுதியதை வாசித்தீர்களா?

சீனன்குடா 87

உப்பு விதிவிலக்கு. அதை எடுத்துப் பேசினால் எந்த விதியும் நிற்காது.

பழைய சோக்கட்டி

C8H8க்கே இன்னொரு ஆள் இருக்கிறார். எட்டுக் காபன் ஒரு வளையம், நாலு இரட்டை. அதுவும் 5. பென்சீன் இல்லை. பரீட்சைக்காரர் அதைக் கேட்கமாட்டார் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். போத்தல் அப்படிச் சொல்லாது.

C10H18Oக்கு வருகிறேன், எனக்கு மிகப் பிடித்த சூத்திரம். கொத்தமல்லி விதை எண்ணெயில் இருக்கிற லினலூல் இதுதான்: இரண்டு இரட்டை, வளையம் இல்லை. நுளம்புக்குப் பூசுகிற சிட்ரோனெல்லா எண்ணெயின் சிட்ரொனெலால் இதுதான்: ஒரு C=C, ஒரு C=O. புதினா வகை எண்ணெய்களில் வருகிற மென்தோனும் இதுதான்: ஒரு வளையம், ஒரு C=O. தம்பியின் சினியோல் இரண்டு வளையம். நாலுக்கும் எண் 2. அந்த எண் பையில் உள்ள காசு மாதிரி, என்ன வாங்கினார்கள் என்று அது சொல்லாது.

பிரிப்பதற்கு ஐதரசன் ஏற்றுங்கள். லினலூல் ஒரு மூலுக்கு இரண்டு மூல் ஐதரசனைக் குடித்து C10H22O ஆகும், எண் பூச்சியம், ஆகவே வளையம் இல்லை. சினியோல் ஒன்றும் குடிக்காது, 2 அப்படியே நிற்கும். குடித்த பிறகும் மிஞ்சுகிற எண்தான் வளையம். C=O மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும், அது குடிப்பதும் குடிக்காததும் ஊக்கியையும் நிபந்தனையையும் பொறுத்தது. அதனால் அதை வேறு சோதனையால் பிடித்துவிட்டு வருவது நல்லது.

கிண்ணியா மாஸ்டர்

உவர்மலைக்காரரின் கதையை நம்ப முடியவில்லை. நேற்று எங்கள் பள்ளி ஆய்வுகூடத்தில் பார்மசியில் வாங்கிய யூக்கலிப்டஸ் தைலத்தில் புரோமீன் நீரை விட்டேன். கீழேயும் வெளிர், மேலேயும் வெளிர். பிள்ளைகள் எல்லாரும் கண்டார்கள்.

உவர்மலைக்காரன்

மாஸ்டர், நான் பொய் சொல்லவில்லை. என் குழாயில் மேல் படை செம்மஞ்சள்.

பழைய சோக்கட்டி

இரண்டு பேரும் கண்டது உண்மை. தம்பிக்குச் சேர் கொடுத்தது தூய சினியோல். பார்மசித் தைலத்தில் லிமோனீன் மாதிரியானவை கலந்திருக்கும், C10H16, எண் 3: ஒரு வளையம், இரண்டு இரட்டை. முதலில் விடுகிற புரோமீனை அவை விழுங்கிவிடும். மாஸ்டர், எத்தனை துளி விட்டீர்கள்?

கிண்ணியா மாஸ்டர்

ஐந்தோ ஆறோ. எண்ணவில்லை. திங்கட்கிழமை துளித்துளியாக விட்டு, நிறம் நிற்கத் தொடங்குகிற இடம் வரும் வரைக்கும் பார்க்கிறேன். தைலப் போத்தலில் பாதி இருமலுக்கென்று வீட்டுக்குப் போய்விட்டது, மிச்சம் காணுமோ தெரியாது.

மூதூர்த் தங்கை

மெதைலமீனைப் போட்டுப் பார்த்தேன், பூச்சியம் வந்தது. ஆனால் பரசிற்றமோலுக்கு நான் இழந்த 6 புள்ளி வராது.