கூடைப்பந்துக்குப் ‘பாடு’ பொருந்துமா?

உவர்மலை ஆசிரியை, செவ்வாய் இரவு

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டிய ஒரு பயிற்சித்தாளில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். புள்ளிவிபரவியல் பாடத்துக்குக் கூடைப்பந்தாட்டத்தை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். இரண்டு அணிகளும் சேர்ந்து எத்தனை புள்ளி எடுக்கும் என்று முன்கூட்டிக் கணிப்பதுதான் கணக்கு. மூன்று சொற்களுக்குத் தமிழ் வேண்டும். ஓர் அணியிடம் பந்து வந்ததிலிருந்து மற்ற அணியிடம் போகும்வரை உள்ள துண்டு ஒன்று. ஓர் ஆட்டத்தில் அப்படி எத்தனை துண்டு வருகிறது என்பது இரண்டாவது, ‘பேஸ்’ என்கிறார்கள். கணித்து வைக்கும் எண் மூன்றாவது; அதற்கு ‘லைன்’. உடைமை, வேகம், கோடு என்று எழுதிப் பார்த்தேன். வாசித்த எனக்கே விளங்கவில்லை.

உப்புவெளி ஐயா, புதன் காலை

மகளே, ‘உடைமை’ சொத்துக்கு ஆகும், பந்துக்கு ஆகாது. பந்து கை மாறுவதால் ‘கைமாற்று’ என்று வைக்கலாம் என நினைத்தேன். ஆனால் எங்கள் பக்கத்தில் கைமாற்று என்றால் வட்டியில்லாமல் வாங்கும் சில்லறைக் கடன். பிள்ளைகள் சிரிப்பார்கள். கடற்கரையில் இருந்துகொண்டு சொல்லைத் தேடி வெளியே போவானேன்? கரைவலைக்காரரிடம் ‘பாடு’ இருக்கிறதே. வலையை வளைத்து இழுத்து முடியும்வரை கடல் ஒரு வலைக்காரருடையது. பிறகு அடுத்தவர் பாடு. படு என்ற பகுதி நீண்டு பாடு ஆனது, முதனிலை திரிந்த தொழிற்பெயர். வடமொழிக் கலப்பு இல்லை. ‘லைன்’ என்பதற்கு ‘வரை’. வரைதல், வரைவு, வரையறை எல்லாம் அதன் பிள்ளைகள்.

இன்னொன்று. அது சூதாடுபவர் சொல் அல்லவா? வகுப்பறைக்கு அது எதற்கு?

சாம்பல்தீவு தம்பி, புதன் காலை

ஐயா, ஃபோனைத் திறந்தால் பிள்ளைகள் அந்த எண்களைத்தான் பார்க்கிறார்கள். கணக்காகச் சொல்லிக் கொடுத்தால் மயக்கமாவது குறையும்.

பேஸ் என்றால் வேகம்தானே, அதில் என்ன கரைச்சல்? ஓர் அணி 78, மற்றது 80 என்றால் சராசரி 79. அதை வைத்துக் கூட்டுப்புள்ளியை எடுங்கள். முதற்பாதி வேண்டுமென்றால் இரண்டால் வகுங்கள். விசயம் முடிந்தது.

மூதூர் அக்கா, புதன் மதியம்

என் மகள் வலைப்பந்து விளையாடுகிறாள், அங்கேயும் இதே பிரச்சினைதான். போன கிழமை மழையால் கால்பகுதியைச் சுருக்கிவிட்டார்கள். 15 நிமிடத்துக்குப் பதில் 10. கோல் குறைந்துவிட்டது என்று பிள்ளை அழுதாள். நேரத்தைக் குறைத்தது யார் என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதையும் பயிற்சித்தாளில் போடலாம்.

கிண்ணியா கோச், புதன் பின்னேரம்

அக்கா, உங்கள் மகளுக்கு நடந்ததில் பாதி விடை இருக்கிறது. மிஸ் கேட்ட அந்தத் துண்டை நாங்கள் ‘முறை’ என்போம். நேரம் குறைந்தால் முறையும் குறையும், அதனால் ஆட்டங்களை ஒப்பிடும்போது எல்லாவற்றையும் 40 நிமிடத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். ஆனால் வலைப்பந்தில் கோல் விழுந்தால் நடு எறி அணிக்கு அணி மாறி மாறி வரும். கூடைப்பந்தில் கூடை போட்டவுடன் பந்து எதிரணிக்குப் போகிறது. ஆகவே இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

மிஸ், தம்பி சொன்ன ‘வேகம்’ வேண்டாம். ஓர் அணி ஓடி ஓடி விளையாடும். தவறிய எறியைத் தானே பிடித்துத் தானே மறுபடி எறியும். அதில் ஒரு முறைதான் நடந்திருக்கிறது, இரண்டு அல்ல. நாங்கள் குறிப்புப் புத்தகத்திலிருந்து எடுக்கும் கணக்கு இது:

```
FGA - OREB + TOV + 0.44 * FTA
```

எடுத்த எறிகளிலிருந்து தானே மீட்ட ரீபவுண்டைக் கழித்து, பறிகொடுத்த பந்தைக் கூட்டி, ஃப்ரீ த்ரோவில் ஒரு பங்கையும் சேர்க்கிறோம். ஃப்ரீ த்ரோ எல்லாம் முறையை முடிப்பதில்லை, அதற்காகத்தான் அந்த 0.44. போன மாதம் எங்கள் பிள்ளைகளின் ஓர் ஆட்டத்தில் எறி 62, மீட்டது 10, பறிகொடுத்தது 15, ஃப்ரீ த்ரோ 18. கிட்டத்தட்ட 75 வந்தது. எதிரணிக்கும் 75க்குப் பக்கத்தில்தான் வரவேண்டும், வராவிட்டால் குறித்தவர் தவறவிட்டிருக்கிறார். பந்து மாறி மாறித்தான் போகிறது.

இனித் தம்பியின் 79. அங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள். போட்டித் தொடரின் சராசரி 74 என்று வைப்போம். ஓர் அணியின் 78 என்பது சராசரி எதிரணிகளோடு சேர்ந்து வந்த எண். அது தன் ஆட்டத்தைச் சராசரியை விட 4 கூட்டுகிறது. மற்றது 6 கூட்டுகிறது. இரண்டும் மோதினால் இரண்டு தள்ளலும் சேரும்: 74 + 4 + 6 = 84. ஒரு முறைக்கு இரண்டு அணிகளும் கிட்டத்தட்ட 0.93, 0.94 புள்ளி எடுக்கும் என்றால் கூட்டுப்புள்ளி 84 × 1.87, அதாவது 157. தம்பியின் 79 வைத்தால் 148 கூட வராது. திறமை மாறவில்லை, முறையின் எண்ணிக்கை மட்டும் மாறியது. சில ஆட்டங்களை மட்டும் வைத்து எடுத்த எண்ணென்றால் 84ஐ நான் கொஞ்சம் சராசரிப் பக்கம் இழுப்பேன்.

சாம்பல்தீவு தம்பி, புதன் இரவு

சரி சேர், பிடித்துக்கொண்டேன். இரண்டால் வகுப்பதில் என்ன பிழை? 157இல் பாதி 78.5.

உப்புவெளி ஐயா, புதன் இரவு

கோச் ‘முறை’ என்று எழுதிவிட்டார், எனக்கு மனம் ஒப்பவில்லை. முறை என்றால் வழக்கம், நீதி, உறவு முறை, செய்முறை என்று ஆயிரம். ‘பாடு’ ஒன்றுக்கே உரிய சொல். தவறிய எறியை அதே அணி பிடித்தால் அதே பாடு தொடர்கிறது. வலையில் சிக்கலை எடுத்துவிட்டு மறுபடி இழுப்பதைப் போல.

உவர்மலை ஆசிரியை, வியாழன் அதிகாலை

ஐயா, எனக்குப் பாடு பிடித்திருக்கிறது. ஆனால் 40 நிமிடத்துக்கு எத்தனை என்பதற்கு ‘வீதம்’ சேர்த்தால்? பாடு நெடில்தொடர்க் குற்றியலுகரம், டகரம் இரட்டிக்கும். வீட்டு வாடகை போலப் ‘பாட்டுவீதம்’ ஆகிவிடும். பிள்ளைகள் சங்கீதப் பாடம் என்று நினைப்பார்கள்.

‘வரை’யிலும் சிக்கல். ‘157 வரை’ என்றால் அதற்கு மேல் போகாது என்று விளங்குகிறது. ‘முதற்பாதி வரை’ என்றால் முதற்பாதி முடியும் மட்டும் என்று ஆகிறது. நாங்கள் சொல்ல வருவது நேர் எதிர்: பாதி ஆட்டங்கள் அதற்கு மேலே, பாதி கீழே போகவேண்டிய நடு எண்.

உப்புவெளி ஐயா, வியாழன் காலை

இரட்டிக்காமல் ‘பாடுவீதம்’ என்று எழுதினால் என்ன? (இதை நான் எழுதியதாக ஒருவருக்கும் சொல்ல வேண்டாம்.)

கிண்ணியா கோச், வியாழன் காலை

தம்பி, 157 என்பது 40 நிமிடத்துக்கு. முழு ஆட்டத்தின் எண்ணில் மேலதிக நேரமும் சேரும், முதற்பாதிக்கு அது தெரியாது. 1983 டிசம்பர் 13 அன்று அமெரிக்காவின் என்.பி.ஏ. தொடரில் டெட்ராய்ட், டென்வர் அணிகள் 186–184 என்று முடித்தன, மூன்று மேலதிக நேரம். வழக்கமான நேரத்தில் 145–145. அதாவது 290 என்றிருந்தது 370 ஆனது. அது அதிசயம். நான் என் கணக்கில் நூறில் ஐந்து ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போகும் என்று வைத்துக்கொள்வேன். ஐந்து நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 20 புள்ளி. சராசரியில் ஒரு புள்ளிதான் கூடும்.

பெரிய காரணம் கடைசி இரண்டு நிமிடம். அணிக்கு 84 முறை ஓடும் ஆட்டத்தில் ஒரு முறைக்கு 14 விநாடி, இரண்டு நிமிடத்தில் இரண்டு அணிக்கும் சேர்த்து எட்டு முறை, கிட்டத்தட்ட எட்டுப் புள்ளி. ஆனால் போன மாத ஆட்டத்தில் 6 புள்ளி பின்தங்கியிருந்தவர்கள் வேண்டுமென்றே ஃபவுல் பண்ணத் தொடங்கினார்கள். பந்து கைக்கு வந்து ஐந்து விநாடியில் ஃபவுல், கடிகாரம் நிற்கிறது, இரண்டு ஃப்ரீ த்ரோ. கால்பகுதியில் நான்கு ஃபவுல் தாண்டிய அணி ஃபவுல் பண்ணினால் எதிரணிக்கு அந்த இரண்டு எறி கிடைக்கும். பிறகு பின்தங்கியவர்கள் அவசரத்தில் மூன்று புள்ளி எறிகிறார்கள். அந்த இரண்டு நிமிடத்தில் 15 முறை, 17 புள்ளி. வழக்கத்தை விட ஒன்பது கூட.

இப்படி நாலு ஆட்டத்தில் ஒன்று முடிந்தால் சராசரியில் இரண்டு புள்ளி இரண்டாம் பாதிக்குச் சாயும். ஆகவே 157ஐ 77.5, 79.5 என்று பிரிக்கிறேன். மேலதிக நேரத்தோடு முழு ஆட்டம் 158. தம்பி முதற்பாதியை இரட்டித்தால் 155. அந்த மூன்று புள்ளியை யாரும் திருடவில்லை, ஆட்டத்தின் கடைசியில் இருக்கிறது.

ஆனால் ஒரு பக்கம் இருபது புள்ளியால் வெல்லும் என்று தெரிந்த ஆட்டத்தில் இதைப் போடாதீர்கள். அங்கே யாரும் ஃபவுல் பண்ணமாட்டார்கள். மாற்று ஆட்டக்காரர் இறங்கி நேரத்தைக் கடத்துவார்கள், இரண்டாம் பாதி குறையவும் கூடும். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் இரண்டாம் பாதி தெளிவாகக் கூடும். என்.பி.ஏ.யில் கடைசிக் கால்பகுதி மெதுவாக ஓடுவதால் முதற்பாதி எண் சரிபாதியாகவோ சற்று மேலாகவோ நிற்கும். எந்த ஆட்டம் என்று கேட்காமல் வகுக்கக்கூடாது.

சாம்பல்தீவு தம்பி, வியாழன் மதியம்

அப்போ முதற்பாதியில் 90 வந்துவிட்டால் முழு ஆட்டம் 180 என்று சொல்லலாமா?

கிண்ணியா கோச், வியாழன் மதியம்

முதலில் குறிப்புப் புத்தகத்தைப் பார். முறை 49 வந்து 90 என்றால் ஆட்டம் உண்மையில் ஓடுகிறது, இரண்டாம் பாதிக் கணிப்பையும் கொஞ்சம் ஏற்று. முறை வழக்கம்போல 42தான், எறிந்ததெல்லாம் விழுந்தது என்றால் அது தொடராது. 90ஓடு இரண்டாம் பாதியின் 79.5ஐயும் மேலதிக நேரத்தின் ஒன்றையும் சேர்த்து 80.5ஐக் கூட்டிவிட்டுப் பேசாமல் இரு.

மூதூர் அக்கா, வியாழன் பின்னேரம்

மைதானத்தில் பிள்ளைகள் பந்துக்குச் சண்டை பிடிக்கும்போது “இது எங்கட முறை” என்றுதான் கத்துகிறார்கள். யாரும் “எங்கட பாடு” என்று கத்தி நான் கேட்டதில்லை. எங்கட பாடு என்றால் அது வேறு கதை.

உவர்மலை ஆசிரியை, வியாழன் இரவு

களைத்துவிட்டேன். நாளைக்குப் போவது இப்படி: முறை, முறைவீதம், கணிப்பெண். ‘கணிப்புக்கோடு’ என்று இரண்டு பேர் தனி மடலில் கேட்டார்கள். கோடு என்றால் பிள்ளைகள் வரைபடத்தில் தேடுவார்கள் என்று விட்டுவிட்டேன். கணிப்பெண்ணை 77.5 என்று அரையில் விடுவது, எடுத்த புள்ளி அதற்குச் சரிசமமாக வராமல் இருக்கத்தான் என்று அடிக்குறிப்பில் போட்டிருக்கிறேன். கோச், உங்கள் ஃபவுல் கணக்கு மூன்றாம் பயிற்சி.

உப்புவெளி ஐயா, வெள்ளி காலை 5.10

‘வீதம்’ எங்கிருந்து வந்தது என்று யாராவது பார்த்தீர்களா? அச்சகத்தை எட்டு மணிக்குத்தான் திறப்பார்கள்.