சாம்பிள் போய்ச் சேர்ந்தது, பல்க் நிற்கிறது: தூத்துக்குடிக்கு என்ன பேப்பர் வேண்டும்? அவசரம்

பெருமாநல்லூர்_நிட்:
வணக்கமுங்க. பத்து வருடமாக ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தோம், இது எங்கள் முதல் நேரடி ஆர்டர். போன மாதம் 12 பீஸ் சாம்பிள் கூரியரில் அனுப்பினேன். ஒரு கேள்வியும் வரவில்லை, பையர் அப்ரூவ் செய்துவிட்டார். இப்போது பல்க் பேக்கிங் முடிந்து கார்ட்டன் அடுக்கி வைத்தாயிற்று. கிளியரிங் ஏஜென்ட் இன்று கூப்பிட்டு, "ஏடி கோடு இல்லை, ஷிப்பிங் பில் போட முடியாது" என்கிறார். சாம்பிளுக்கும் இதே பேப்பர்தானே கொடுத்தேன்? வெள்ளிக்கிழமை கட் ஆஃப். யாராவது சொல்லுங்கள்.

பல்லடம்_பாலு:
எந்த நாடு? எஃப்ஓபி-யா, சிஐஎஃப்-ஆ? எத்தனை பீஸ்? அட்வான்ஸ் வந்ததா? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொல்ல முடியும்?

சீனியர்_மெர்ச்சன்ட்:
ஜாப் ஒர்க் செய்தவர்கள் எல்லாம் நேரடியாக எக்ஸ்போர்ட்டில் இறங்கினால் இப்படித்தான். இந்தக் கேள்வியைத் துணி வாங்குவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டும், கார்ட்டன் ஒட்டிய பிறகு அல்ல. ஏஇபிசி-யில் உறுப்பினராகி ஆர்சிஎம்சி சான்றிதழ் எடுத்தீர்களா? அது இல்லாமல் ஒரு பெட்டிகூட நகராது.

கலா_டாக்குமென்டேஷன்:
சார், ஆர்சிஎம்சி நல்லதுதான், எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அது இல்லை என்பதற்காக ஷிப்பிங் பில் நிற்காது. இப்போது நிற்பது ஏடி கோடு.

தம்பி, உங்கள் சாம்பிள் ஏன் போனது என்று முதலில் சொல்கிறேன். கூரியர்காரர் அதைச் சிஎஸ்பி 4-இல் போட்டிருப்பார். காசு வாங்காமல் அனுப்பும் சாம்பிளுக்கான வழி அது. கேஒய்சி இருந்தால் போதும், வங்கியைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். பல்க் அப்படியில்லை. வெளிநாட்டிலிருந்து பணம் வந்தாக வேண்டும் என்பதால், எந்த வங்கிக் கிளை வழியாக வரும் என்று கஸ்டம்ஸுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அந்தக் கிளையின் அடையாளம்தான் ஏடி கோடு. கஸ்டம்ஸின் ஐஸ்கேட் தளத்தில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். தூத்துக்குடி கடல் என்றால் INTUT1.

பெருமாநல்லூர்_நிட்:
துபாய். எஃப்ஓபி தூத்துக்குடி. 1200 காட்டன் டி-ஷர்ட், ஒன்று 3.10 டாலர். 30 சதவீத அட்வான்ஸ் வந்துவிட்டது. ஏற்றுமதிக்கான ஐஇசி எண் இருக்கிறது. எல்யூடி ஆடிட்டர் போன வருடமே போட்டுக் கொடுத்தார்.

ஊத்துக்குளி_சுப்பு:
தூத்துக்குடியே வேண்டாம், கொச்சிக்கு மாற்றுங்கள். நான் மூன்று வருடமாக INCOK1-இல்தான் போடுகிறேன், ஒரு நாள்கூட நின்றதில்லை.

பல்லடம்_பாலு:
அண்ணா, ஏடி கோடு அங்கேயும் பதியத்தானே வேண்டும்? போட்ட எஃப்ஓபி துறைமுகத்தை மாற்றினால் பையரின் ஃபார்வர்டரையும் மாற்ற வேண்டி வரும். பெருந்துறை, சேலம் பக்கம் எல்லாம் கொச்சி என்றால் சரி, எல்லோருக்கும் அதுவே சரிப்படாது.

ஊத்துக்குளி_சுப்பு:
ஒரு துறைமுகத்தில் ஓகே ஆகியிருந்தால் அடுத்தது சீக்கிரம் வந்துவிடுகிறது, அதைத்தான் சொன்னேன்.

பல்லடம்_பாலு:
எனக்கு இரண்டாவது துறைமுகத்துக்கே இரண்டு நாள் ஆனது.

கலா_டாக்குமென்டேஷன்:
இவருக்கு முதல் பதிவே இதுதான், அதனால் அந்தச் சண்டை இங்கே உதவாது. தம்பி, நாளைக் காலை வங்கிக்குப் போய் ஏடி கோடு லெட்டர் கேளுங்கள். லெட்டர்ஹெட்டில், ஐஇசி எண்ணும் கணக்கு எண்ணும் போட்டு வர வேண்டும். வாங்கிய உடனே ஒரு விஷயம் பாருங்கள்: லெட்டரில் உள்ள கம்பெனி பெயரும் ஐஇசி-யில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா? ஒன்றில் "நிட்ஸ்", இன்னொன்றில் "நிட்வேர்" என்று இருந்தாலே திருப்பி விடுவார்கள். அப்புறம் டிஜிட்டல் சிக்னேச்சர் வைத்து ஐஸ்கேட்டில் ஏற்றுங்கள். டிராபேக் பணம் விழும் வங்கிக் கணக்குக்கு அதே இடத்தில் வேறொரு பதிவு இருக்கிறது. அதையும் கையோடு செய்துவிடுங்கள், பலர் அதை மறந்துவிட்டு ஆறு மாதம் கழித்துத் தேடுகிறார்கள்.

எல்யூடி விஷயம்: ஐஜிஎஸ்டி கட்டாமல் அனுப்பக் கொடுக்கும் அந்த உறுதிமொழி ஒரு நிதியாண்டுக்குத்தான். இது ஏப்ரல். இந்த வருடத்துக்குப் புதிதாக RFD-11 போட்டாரா என்று ஆடிட்டரிடம் இன்றே கேளுங்கள்.

காங்கேயம்_ராஜ்:
எல்யூடி எதற்கு? ஐஜிஎஸ்டி கட்டி அனுப்புங்கள், ரீஃபண்ட் தானாகவே வந்துவிடும். விண்ணப்பமே வேண்டாம்.

கலா_டாக்குமென்டேஷன்:
விண்ணப்பம் தனியாக வேண்டாம் என்பது சரி. ஆனால் ஷிப்பிங் பில்லில் இன்வாய்ஸ் எண் "EXP/001" என்றும் ஜிஎஸ்டிஆர்-1-இல் "001" என்றும் இருந்தால் SB005 என்று பிழை வந்து அங்கேயே நிற்கும். முதல் ஆர்டரில் கையில் இருக்கும் காசை அப்படி முடக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அவிநாசி_செல்வி:
சாம்பிள் பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையைச் சொல்கிறேன். ஒரு பையர் 60 பீஸ் கேட்டு, முழுப் பணமும் முன்கூட்டியே போட்டார். கூரியர் பையன் "சாம்பிள்னு போட்டா ஈஸிங்க்கா" என்றான், நானும் சரி என்றேன். பொருள் போய்விட்டது. அப்புறம் வங்கியில் "இந்த அட்வான்ஸுக்கு ஷிப்பிங் பில் எங்கே" என்று கேட்கிறார்கள். சிஎஸ்பி 4 பேப்பரைக் காட்டினால் ஏற்கவில்லை. அந்தத் தொகை இன்னும் வங்கிக் கணக்கில் திறந்தே கிடக்கிறது. இதற்கு யாருக்காவது வழி தெரியுமா?

கலா_டாக்குமென்டேஷன்:
காசு வாங்கிய பீஸ் எத்தனை குறைவாக இருந்தாலும் சிஎஸ்பி 5 அல்லது சாதாரண ஷிப்பிங் பில்தான் அக்கா. நடந்துபோனதற்கு வங்கி மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துப் பாருங்கள், என்னிடம் உறுதியான பதில் இல்லை.

தம்பி, இன்னும் இரண்டு. ஒன்று, பேக்கிங் லிஸ்ட். 1200 என்று ஆர்டரில் இருப்பதால் 1200 என்று எழுதிவிடாதீர்கள், கார்ட்டனைத் திறந்து எண்ணியதை எழுதுங்கள். இரண்டு, துபாய் என்பதால் 2022 மே முதல் இருக்கும் இந்தியா-யுஏஇ சீபா வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் சர்டிஃபிகேட் ஆஃப் ஒரிஜின் எடுத்துக் கொடுங்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், துணி எங்கே வாங்கியது, செலவு எவ்வளவு என்று கேட்பார்கள். அது இல்லாவிட்டால் உங்கள் பையர் 5 சதவீத வரி கட்ட வேண்டி வரும், அடுத்த ஆர்டரில் அந்தக் காசை உங்களிடம்தான் பிடிப்பார்.

சீனியர்_மெர்ச்சன்ட்:
ஷிப்பிங் பில்லில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் ஆர்ஓஎஸ்சிடிஎல் வரிச் சலுகை கேட்கிறோம் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஏஜென்ட் அவசரத்தில் விட்டுவிடுவார், பின்னால் திருத்துவது பெரும்பாடு. இதை நான் அனுபவித்திருக்கிறேன். ஆர்சிஎம்சி-யையும் எடுங்கள், அதை இன்னமும் சொல்வேன்.

பல்லடம்_பாலு:
என்ன ஆச்சுங்க? வெள்ளிக்கிழமை போய்விட்டதே.

பெருமாநல்லூர்_நிட்:
மன்னிக்கணும், ஓடிக்கொண்டே இருந்தேன். கலா அக்கா சொன்னதுதான்: கரன்ட் அக்கவுன்ட் "டெக்ஸ்" என்றும் ஐஇசி "நிட்ஸ்" என்றும் இருந்தது. ஐஇசி-யில் பெயரைத் திருத்தி, லெட்டரை மறுபடி வாங்கி ஏற்றினேன். வெள்ளிக்கிழமை கப்பல் போய்விட்டது, பையரிடம் ஒரு வாரம் கேட்டு வாங்கினேன். INTUT1 நேற்று அப்ரூவ் ஆனது. புது எல்யூடியும் போட்டாயிற்று.

எண்ணிப் பார்த்ததில் 1194 தான். செக்கிங்கில் ஆறு பீஸ் ரிஜெக்ட் ஆனதை யாரும் லிஸ்ட்டில் கழிக்கவில்லை. 19 கார்ட்டனில் 60, கடைசியில் 54. இன்வாய்ஸை 3701.40 டாலர் என்று மாற்றிவிட்டோம். ஒரிஜின் சர்டிஃபிகேட் விண்ணப்பித்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. வண்டி இன்று இரவு கிளம்புகிறது.

அவிநாசி_செல்வி:
நல்லபடியாகப் போகட்டும் தம்பி. என் 60 பீஸுக்கு யாரும் வழி சொல்லவில்லையே?