ஐ.எல்.ஆர். ராத்திரி மைனஸுக்குப் போயிருக்கு, நாளைக்கு புதன்: பென்டா வயல்களை என்ன செய்ய, ரெஜிஸ்டரில் எப்படி எழுத?

குமரி மருந்தாளுநர் (செவ்வாய், காலை 10:40)
வணக்கம். தக்கலை பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்ட். தடுப்பூசி ஸ்டாக் என் பொறுப்பு. நேற்று மத்தியானம் மழையோடு கரண்ட் போச்சு. தடுப்பூசி வைக்கிற ஐ.எல்.ஆர். பிரிட்ஜ் 7.4 காட்டுதுன்னு யாரோ தெர்மோஸ்டாட்டை குளிர் பக்கம் திருப்பி விட்டிருக்காங்க. சாயங்காலம் கரண்ட் வந்ததும் 4.2 காட்டிச்சு, அப்படியே லாக்கில் ஏத்தியாச்சு. இன்று காலை 9:30-க்கு 1.8. சந்தேகப்பட்டு, உள்ளே வெப்பநிலையைப் பதிவு பண்ணுற ஃப்ரிட்ஜ் டேக்கை அழுத்திப் பார்த்தா குறைந்தபட்சம் மைனஸ் 1.4, கீழ் அலாரம் 2 மணி 10 நிமிஷம். நாப்பை பழைய இடத்துக்கே திருப்பிட்டேன்.

வயல் எதுவும் கட்டியா உறையலை. பென்டா, டிடி, ஹெப்-பி, ஐ.பி.வி. எல்லாம் உள்ளே இருக்கு. நாளைக்கு குழந்தைகள் வரும். போடலாமா, கூடாதா?

இன்னொன்று. எண்ணிப் பார்க்கையில் பென்டா ரெஜிஸ்டரில் 220 டோஸ் இருப்பு. கையில் தலா 10 டோஸ் உள்ள 21 சீல் வயல், பாதி எடுத்த வயல் ஒன்று, அதில் 4 டோஸ். அப்போ 214 தானே வருது?

நாஞ்சில் தம்பி
அண்ணே, வயல் மேல இருக்கிற வி.வி.எம். பாருங்க. உள்ளே இருக்கிற சதுரம் வெளி வட்டத்தை விட வெளுப்பா இருந்தா மருந்து நல்லா இருக்குன்னு அர்த்தம். தைரியமா போடுங்க. நாங்க அப்படித்தான் பார்ப்போம்.

ஓய்வு பெற்ற குளிர்சங்கிலி ஆள்
தம்பி சொன்னது பாதிதான் சரி. வி.வி.எம். சூட்டுக்கு மட்டும்தான் நிறம் மாறும். வயல் உறைஞ்சு உருகினாலும் அந்தச் சதுரம் வெள்ளையாவே இருக்கும். அதை நம்பி பென்டா போட்டா குழந்தைக்கு ஊசி வலிதான் மிச்சம், பாதுகாப்பு குறைஞ்சு போயிருக்கலாம்.

சார், இப்பவே எல்லா வயலையும் தனி டப்பாவில் வைச்சு "பயன்படுத்தாதே, 2 முதல் 8-ல் வை" என்று ஒட்டுங்க. ஐ.எல்.ஆர். பழைய செட்டிங்கில் 2-க்கு மேலே நிலைச்ச பிறகு அதே டப்பாவை உள்ளே வைங்க. வெளியே விட்டு இன்னொரு கேடு சேர வேண்டாம்.

ஒண்ணு கேட்கணும்: பென்டா எத்தனை பேட்ச்? எந்தப் பேட்ச் எங்கே இருந்தது?

குமரி மருந்தாளுநர்
இரண்டு பேட்ச் சார். பழையது 13 வயல், மேல் கூடையில். போன வெள்ளி நாகர்கோவில் ஸ்டோரில் இருந்து வந்தது 8. கூடையில் இடம் இல்லாம அதை அடியில் வெறுந்தரையில் வைச்சிருந்தோம்.

ஓய்வு பெற்ற குளிர்சங்கிலி ஆள்
அதான் கேட்டேன். ஐ.எல்.ஆரில் அடிப்பக்கமும் ஓரமும்தான் ரொம்பக் குளிரும். அங்கே ஓ.பி.வி. கிடக்கலாம், பென்டாவும் டிடியும் கூடாது. கூடை இல்லைன்னா உறையாத காலி ஐஸ் பேக்கை இரண்டு அடுக்கா தரையில் பரப்பி, அதுக்கு மேல வைக்கணும்.

இனி ஷேக் டெஸ்ட். ஒவ்வொரு பேட்சுக்கும் ஒரு வயலை மார்க் பண்ணி, டீப் ஃப்ரீசரில் கட்டியாகும் வரை உறைய விடுங்க. இன்று மத்தியானம் வைச்சா நாளை விடியக்காலையில் எடுக்கலாம். சூடு காட்டாமல் தானா உருகட்டும், அதுக்கே நேரம் வேணும். அது கண்ட்ரோல். அதே பேட்சில், அடியில் கிடந்த சந்தேக வயல் ஒன்றை எடுத்து, இரண்டையும் ஒரே கையில் பிடிச்சு நல்லா குலுக்கி, மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைச்சு கண் மட்டத்தில் பாருங்க. உறைஞ்ச மருந்து சீக்கிரமா அடியில் படியும், மேலே தெளிஞ்ச தண்ணி நிற்கும். அரை மணி நேரம் வரை பாருங்க. சந்தேக வயல் கண்ட்ரோல் மாதிரியே அல்லது அதை விட வேகமா படிஞ்சா, உறைஞ்சிருக்கு, ஒதுக்கணும். மெதுவா படிஞ்சா நல்லது.

கண்ட்ரோலை வேறு கம்பெனி, வேறு பேட்ச் வயலோடு ஒப்பிடக்கூடாது. படியும் வேகம் ஒன்றுக்கொன்று மாறும்.

மார்த்தாண்டம் அம்மா
எங்க வீட்டுக்காரருக்கு இன்சுலின் வாங்கி பிரிட்ஜில் வைச்சேன், ஃப்ரீசர் பக்கம் போய் உறைஞ்சிட்டு. குலுக்கிப் பார்த்து போடலாமா?

ஓய்வு பெற்ற குளிர்சங்கிலி ஆள்
அம்மா, அதைக் குலுக்கிப் பார்க்க வேண்டாம். உறைஞ்ச இன்சுலினைப் போடாதீங்க, புதுசு வாங்கிக்குங்க. இந்த டெஸ்ட் தடுப்பூசிக்கு மட்டும்.

சிஸ்டர், தோவாளை வட்டாரம்
சார், டெஸ்டுக்கு வயல் செலவாகுமே. ஹெப்-பி எங்க சென்டரில் இரண்டே வயல்தான் இருக்கும். ஒன்றை உறைய வைச்சு இன்னொன்றைக் காப்பாற்ற என்ன இருக்கு? நாங்க நேரா ஒதுக்கிட்டு ஸ்டோருக்கு எழுதிடுவோம்.

அப்புறம் அந்த 220, 214 விஷயம். போன புதன் செஷனில் இருந்து திரும்பிய திறந்த வயலை "1 வயல்" என்று எழுதி 10 டோஸாகக் கணக்கில் சேர்த்திருப்பாங்க. 6 டோஸ் போட்டதை யாரும் கழிக்கலை. எங்ககிட்டயும் இதான் அடிக்கடி நடக்கும். திரும்ப வந்ததை எப்பவும் டோஸில் எழுதுங்க, திறந்த தேதியும் நேரமும் வயல் மேல இருக்கணும்.

குமரி மருந்தாளுநர்
பார்த்தேன் சிஸ்டர், அப்படியேதான்! அந்த 220-ஐ அடிச்சுத் திருத்தலாமா?

ஓய்வு பெற்ற குளிர்சங்கிலி ஆள்
அடிக்காதீங்க. அடுத்த வரியில் "நேரடிச் சரிபார்ப்பு, திறந்த வயலில் 6 டோஸ் குறைவு" என்று எழுதி, 214 போட்டு, டாக்டர் கையெழுத்து வாங்குங்க. கணினிப் பதிவிலும் அதே நாளில் அதே எண் இருக்கட்டும். டெம்பரேச்சர் லாக்கிலும் 4.2, 1.8 அப்படியே இருக்கட்டும். குறிப்புப் பத்தியில் மைனஸ் 1.4, எத்தனை நேரம், கரண்ட் போன நேரம், நாப் திருப்பின விவரம் எழுதுங்க. யாராவது "4-னு எழுதிடு" என்றால் எழுதாதீங்க. டேக்கில் பதிவு இருக்கு.

கரண்ட் போனா நாப்பைத் தொடவே கூடாது. கரண்ட் இல்லாம அதைத் திருப்பி ஒன்றும் ஆகாது. கரண்ட் வந்த பிறகு ராத்திரி முழுக்க கம்ப்ரஸர் ஓடும், மழைக்கால ராத்திரியில் வெளியும் குளிர்ச்சி. மூடியைத் திறக்காமல் விட்டாலே ஐஸ் லைனிங் நல்ல நேரம் தாங்கும்.

சிஸ்டர் சொன்ன ஹெப்-பி கணக்கு நியாயம். ஐ.பி.வி.யில் அடியில் படியிற அலுமினியம் இல்லை, குலுக்கினாலும் எதுவும் தெரியாது. அதைத் தனியா வைங்க.

குமரி மருந்தாளுநர் (புதன், மாலை)
மேல் கூடைப் பேட்ச்: சந்தேக வயல் அரை மணி கழிச்சும் கலங்கலாகவே நின்னது, கண்ட்ரோல் அதுக்குள் அடியில் படிஞ்சிட்டு. பாஸ். அடியில் கிடந்த பேட்ச்: இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் படிஞ்சது. எட்டையும் ஒதுக்கியாச்சு. திறந்த வயலையும் கூட.

214-ல் திறந்த வயல் 4, மேல் பேட்ச் கண்ட்ரோல் 10, அடிப் பேட்ச் 80, ஆக 94 கழிச்சு 120 டோஸ், 12 வயல். காரணத்தைத் தனித்தனியா எழுதினேன். டிடி ஒரே பேட்ச், மேல் கூடை, பாஸ். ஹெப்-பி இரண்டையும் ஒதுக்கியாச்சு.

ஐ.பி.வி. பற்றி ஒருத்தர் "மைனஸ் 1.4-தானே, ஒன்றும் ஆகாது" என்கிறார், டாக்டர் "அலாரம் அடிச்சிருக்கே" என்கிறார். பக்கத்து நிலையத்தில் இருந்து கைச்சீட்டு போட்டு 4 வயல் வாங்கி இன்றைய செஷனை நடத்தினோம்.

நாஞ்சில் தம்பி
உறையும் விஷயத்தில் வி.வி.எம். உதவாது என்பது இப்பத்தான் தெரியும். எங்க ஐ.எல்.ஆரிலும் பென்டா அடியில்தான் கிடக்கு, நாளைக்கு மாத்தணும். டேக்கின் சென்ஸர் சுவரை ஒட்டி இருந்தா குறைச்சுக் காட்டாதா அண்ணே?

ஓய்வு பெற்ற குளிர்சங்கிலி ஆள்
காட்டலாம். அதனால்தான் இடத்தைப் பார்க்கணும். ஆனா அடிப் பேட்ச் ஷேக் டெஸ்டில் தோற்றதால் இங்கே குளிர் நிஜம்தான். ஐ.பி.வி.யை ஸ்டோருக்கு எழுதிக் கேளுங்க, பதில் வரும் வரை தனி டப்பாவில் இருக்கட்டும்.

குமரி மருந்தாளுநர்
எழுதியாச்சு சார். மெக்கானிக் வெள்ளிக்கிழமை வருவார், சென்ஸர் இடத்தையும் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்லியிருக்கேன்.