அண்டாவில் மிஞ்சிய சாதம்: ஒரு கேள்வி, ஒன்பது பேர், ஏழு தப்பு

மாட்டுங்கா சூப்பர்வைசர்

மும்பை மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் கிச்சனைப் பார்த்துக்கொள்கிறேன். மத்தியானம் ஆபீஸ்களுக்கு 200 சாப்பாடு போகும், ராத்திரி ஹாலில் பரிமாறுவோம். 25 பேருக்கு ஒரு ஆள் பயிற்சி எடுத்திருக்க வேண்டும் என்ற கணக்கில் என்னை ஃபோஸ்டாக் வகுப்புக்கு அனுப்பினார்கள். டோல் கேட் ஸ்டிக்கர் இல்லை, உணவுப் பாதுகாப்புப் பயிற்சி.

திரும்பி வந்ததும் எங்கள் ஆட்கள் ஒன்பது பேருக்கும் ஒரு வினாடி வினா வைத்தேன். முதலில் வகுப்பில் கொடுத்த மாதிரியே கேட்டேன். கையை எத்தனை நொடி கழுவ வேண்டும்? ஒன்பது பேரும் 20 என்றார்கள். அன்றைக்கு எங்கள் சிங்க்கில் சோப்பு பாட்டில் காலி. காலியாகி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதனால் கேள்வியை மாற்றினேன். "இட்லித் தட்டில் துணி விரித்துக்கொண்டிருக்கிறாய், போன் அடிக்கிறது, எடுத்துப் பேசி வைத்துவிட்டாய். அடுத்து உன் கை எங்கே போகும்?" நான்கு பேர் யோசிக்காமல் "துணிக்கு" என்றார்கள். ஒருவர் மட்டும், "வேட்டியில் துடைப்பேன், அப்புறம் துணி" என்றார். உண்மையைச் சொன்னார் என்பதற்காகவே அவருக்கு அரை மார்க் போட்டேன்.

நான் இங்கே சொல்ல வந்தது மூன்றாவது கேள்வி. ராத்திரி 10 மணி. அரை அண்டா சாதம் மிச்சம். நாளை மத்தியானம் எலுமிச்சை சாதமாகப் போக வேண்டும். என்ன செய்வாய்? ஏழு பேர் தப்பு. அதில் முதல் ஆள் எங்கள் மாஸ்டர். 26 வருஷ அனுபவம். "மூடி அப்படியே வை. காலையில் நன்றாகச் சூடு பண்ணினால் எல்லாம் செத்துவிடும்" என்றார். அவர் சொன்ன பிறகு மற்றவர்கள் வேறு என்ன சொல்வார்கள்?

அவரோடு வாதாட எனக்குத் தைரியம் இல்லை. குத்திப் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி அவர் கையிலேயே கொடுத்தேன். அன்று ராத்திரி அவர் சொன்னபடியே மூடி வைத்தோம். காலை ஆறு மணிக்கு நடுவில் 46 டிகிரி, அண்டா ஓரத்தில் 35. "பார்த்தாயா, இன்னும் சூடாகவே இருக்கிறது" என்று சந்தோஷப்பட்டார். அந்தச் சாதத்தைக் கொட்டிவிட்டோம். எட்டு மணி வரை என்னிடம் பேசவில்லை.

உங்கள் கிச்சனில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பழைய பேங்க்வெட் ஆள்

தம்பி, அந்த 35-தான் விஷயம். நடுவில் இருக்கிற 46-ஐ விடுங்கள்.

பெரிய ஹோட்டல்களில் விருந்துச் சமையல் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அரிசியோடு கூடவே வருகிற ஒரு பாக்டீரியா உண்டு, பேசில்லஸ் சீரியஸ் என்று பெயர். வயலிலிருந்தே வரும். கழுவினால் குறையும், போகாது. கொதிக்க வைத்தால் பாக்டீரியா சாகும், ஆனால் அதன் வித்து சாகாது. விதை மாதிரி மூடிக்கொண்டு கொதிநீரிலும் உட்கார்ந்திருக்கும். சாதம் ஆறி 30, 35 டிகிரிக்கு வந்ததும் முளைக்கும். உங்கள் அண்டா ஓரத்தில் ராத்திரி பல மணி நேரம் அதையொட்டிய சூடு இருந்திருக்கும். நாற்றங்காலே போட்டுக் கொடுத்த மாதிரி.

அப்புறம் மாஸ்டரின் வாதத்துக்கு வருவோம். காலையில் சூடு பண்ணினால் அந்தப் பூச்சி சாகத்தான் செய்யும். ஆனால் அதற்குள் அது சாதத்தில் ஒரு நஞ்சை விட்டுவைத்திருக்கும். அந்த நஞ்சு பிரஷர் குக்கர் சூட்டுக்கும் அசையாது. 1970-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் சீன உணவகங்களின் ஃபிரைடு ரைஸில் இதைத்தான் கண்டுபிடித்தார்கள். ராத்திரி வடித்த சாதத்தை வெளியே வைத்திருந்து மறுநாள் வறுத்துக் கொடுத்தார்கள். வறுத்தும் வாந்தி நிற்கவில்லை.

இன்னொன்று, வாசனை வராது, நூலும் விடாது. ஊசிப் போன சாதம் தன்னையே காட்டிக் கொடுத்துவிடும், இது காட்டாது.

முலுண்ட் கேட்டரிங்

எலுமிச்சை சாதம்தானே போகப்போகிறது? புளிப்பில் எதுவும் வளராது சார். எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பழைய சோறு சாப்பிட்டவர்கள். ராத்திரி தண்ணீர் ஊற்றி வெளியேதான் வைப்போம், ஃபிரிட்ஜ் ஏது? யாருக்கு என்ன ஆயிற்று? தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

பழைய பேங்க்வெட் ஆள்

பாதி சரி. புளிப்பு வளர்ச்சியைத் தடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் எலுமிச்சை பிழிவது மறுநாள் 11 மணிக்கு. ராத்திரியே விட்ட நஞ்சை அந்தச் சாறு என்ன செய்யும்?

பழைய சோற்றில் ஆறின சாதத்தில் தண்ணீர் ஊற்றுகிறோம். சூடு சீக்கிரம் இறங்குகிறது, தயிரில் இருக்கிற மாதிரி பாக்டீரியா வேலையைத் தொடங்கிப் புளிப்பை ஏற்றுகிறது. அது நல்ல பந்தயம், பெரும்பாலும் புளிப்பு ஜெயிக்கும். மூடிய அண்டாவில் அந்தப் பந்தயமே நடப்பதில்லை. ஆனாலும் என் கிச்சனில் 200 பேருக்குப் பழைய சோறு போடச் சொன்னால் போட மாட்டேன், வீட்டில் சாப்பிடுவேன். இது முரண்பாடு என்று என் மனைவியும் சொல்லியிருக்கிறாள்.

முலுண்ட் கேட்டரிங்

உங்கள் மனைவி சொன்னது சரி என்று எடுத்துக்கொள்கிறேன். உங்களோடு இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

வாஷி கடைக்காரர்

அரிசி என்றதும் கேட்கிறேன். மூட்டையில் வண்டு வருகிறது, வேப்பிலை போட்டும் நிற்கவில்லை. இந்தப் பேசில்லஸ் அதனால் வருவதா?

மாட்டுங்கா சூப்பர்வைசர்

இல்லை அண்ணே, அது கண்ணுக்குத் தெரிகிற பூச்சி. நாங்கள் பேசுவது வேறு. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள், பழைய மூட்டையை முதலில் எடுங்கள்.

தாராவி டிபன் அக்கா

நான் வீட்டிலிருந்து 30 டப்பா கட்டுகிறேன். இதைப் படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. போன வருஷம் ஒரே ஆபீஸில் நாலு பேருக்கு எலுமிச்சை சாதம் சாப்பிட்டு மூன்று மணி நேரத்தில் வாந்தி. காய்ச்சல் இல்லை, மறுநாள் சரியாகிவிட்டது. அந்த ஆபீஸ் டப்பாவை நிறுத்திவிட்டது. அன்றைக்கு நான் சாதத்தைக் காலையில்தான் வடித்தேன், சத்தியமாக மிச்சம் இல்லை. அப்புறம் எப்படி?

பழைய பேங்க்வெட் ஆள்

அம்மா, அன்றைக்கு உங்கள் கையில் வெட்டு, கொப்புளம், சூட்டுக் காயம் ஏதாவது இருந்ததா? சாதத்தை எதால் கிளறினீர்கள்?

தாராவி டிபன் அக்கா

கையால்தான். கரண்டி போட்டால் சாதம் உடையும். ஆள்காட்டி விரலில் அரிவாள்மணைக் கீறல் இருந்தது, பிளாஸ்திரி ஒட்டியிருந்தேன். இரண்டு நாள் ஆனது, கொஞ்சம் சீழ் மாதிரி.

பழைய பேங்க்வெட் ஆள்

அப்படியென்றால் இது வேறு ஆளாக இருக்கலாம். காயத்திலும் மூக்கிலும் குடியிருக்கிற ஸ்டெஃபிலோகாக்கஸ். ஆறின சாதத்தைக் கையால் கிளறி, மூடி, மத்தியானம் வரை வெளியே வைத்தால் அதுவும் நஞ்சு விடும், அதுவும் சூட்டுக்குச் சாகாது. அதிலும் சில மணி நேரத்தில் வாந்தி வரும், பெரிய காய்ச்சல் இருக்காது. அறிகுறியை மட்டும் வைத்து இதா அதா என்று நானும் சொல்ல முடியாது. அன்றைய சாதத்தில் ஒரு பிடி ஃபிரிட்ஜில் இருந்திருந்தால் லேபில் சொல்லியிருப்பார்கள். நாங்கள் விருந்துகளில் ஒவ்வொரு பதார்த்தத்திலும் கொஞ்சம் எடுத்துத் தேதி எழுதி மூன்று நாள் வைப்போம்.

சீழ் இருந்தால் அந்த ஆள் உணவைத் தொடவே கூடாது. சின்னக் கீறல் என்றால் தண்ணீர் புகாத பிளாஸ்திரி, அதன் மேல் கையுறை. கையுறை போட்டதும் கை கழுவ வேண்டாம் என்று நினைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கழுவாத கையால் எடுத்து மாட்டிய கையுறையில் என்ன இருக்கும்?

தாராவி டிபன் அக்கா

வீட்டில் நான் ஒருத்திதான். நான் தொடாவிட்டால் யார் சமைப்பது?

மாட்டுங்கா சூப்பர்வைசர்

அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மாதிரி நாளில் கையால் கிளற வேண்டிய ஐட்டத்தை மட்டும் விட்டுவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கட்டுகிற சாம்பார் சாதம் வைத்தால் ஆபத்து குறையுமே. கிளறவும் நீளக் கரண்டி போதும்.

நான் மறுநாள் செய்த சோதனையைச் சொல்கிறேன். விதிப்படி 60 டிகிரியிலிருந்து 21-க்கு இரண்டு மணி நேரத்துக்குள் வர வேண்டும், அங்கிருந்து சீக்கிரமாக 5-க்கு. அதே அளவு சாதத்தை ஆறு டிரேயில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி ஃபேன் போட்டோம். 50 நிமிஷத்தில் 34. அதற்குக் கீழே நகரவே இல்லை. ஏன் என்று மாஸ்டர்தான் கண்டுபிடித்தார். கிச்சனே 31 டிகிரி, ஃபேன் காற்று எப்படி 21 கொடுக்கும்? மும்பை மே மாதத்தில் ஃபேன் பாதி வழிக்குத்தான் துணை.

மீதிப் பாதிக்கு ஃபிரிட்ஜ். "சூடானதை உள்ளே வைக்கக் கூடாது" என்று மாஸ்டர் தடுத்தார். அண்டாவோடு வைத்தால் அவர் சொல்வது சரி, பக்கத்தில் இருக்கிற பாலும் தயிரும் சூடாகிவிடும். ஆவி அடங்கிய டிரே என்றால் அந்தத் தொல்லை இல்லை. முதல் அரை மணி மூடாமல், மேல் தட்டில் வைத்தோம். ஒன்றரை மணி நேரத்தில் 12. கீழ்த் தட்டில் பச்சைக் காய்கறி, தயிர் மேலே. ஆறு டிரேக்கும் இடம் போதாமல் இரண்டு டிரேயை அன்றே காவலாளிகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

முலுண்ட் கேட்டரிங்

ஆறு டிரே கழுவ ஆள் யார்?

மாட்டுங்கா சூப்பர்வைசர்

அதைத்தான் மாஸ்டரும் கேட்டார். அதனால் அவரே ராத்திரி உலையைக் குறைத்துவிட்டார். இப்போது மூன்று கிலோ அரிசி குறைவாகப் போடுகிறார், தீர்ந்துபோனால் கடைசிப் பந்திக்குத் தோசை. கஸ்டமர் ஒருவர் கோபித்துக்கொண்டு போனார்.

ஒரு பழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை. புதுச் சாதம் வடித்ததும் பழைய அன்னக்கூடையில் மிச்சம் இருக்கும்போதே மேலே கொட்டுகிறார்கள், பழைய கரண்டியும் அதிலேயே கிடக்கிறது. நாலு மணி நேரமாகக் கிடந்த சாதம் அடியில், பத்து நிமிஷச் சாதம் மேலே. அடுத்த வாரக் கேள்வி அதுதான். மாஸ்டர் அதற்குள் இதைப் படித்துவிடக் கூடாது.