தேயிலை மலை கருகிய இரவு: லோகோ நிறம் மாற்றிய அனுபவங்கள்

குன்னூர்க்காரன்

ஆறு மாதம் ஆகிவிட்டது, இன்னும் உறுத்துகிறது. ஒரு தங்கும் விடுதிக்காக 64 படங்கள். எல்லாவற்றிலும் வலது கீழ் மூலையில் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குள் பச்சை லோகோ. லேயர் எதுவும் இல்லை, படத்தோடு ஒட்டிப்போன ஜேபெக். உரிமையாளர் பெயர்ப்பலகையை அரக்கு நிறத்துக்கு மாற்றிவிட்டார், படங்களிலும் மாற்றச் சொன்னார்.

ஃபோட்டோஷாப்பில் ஒரு படத்தைத் திறந்தேன். செய்யும் படிகளை அப்படியே பதிந்துவைக்கும் ஆக்‌ஷன் பதிவைத் தொடங்கி, `Hue/Saturation` பெட்டியில் துளிக்குழாயால் லோகோவைத் தொட்டு, அந்தப் பச்சையை அரக்காக்கிப் பதிவை நிறுத்தினேன். நான் திறந்த படம் விடுதியின் வரவேற்பறை. அதில் லோகோவைத் தவிர வேறு பச்சையே கிடையாது. வினை அங்கேதான் தொடங்கியது. அந்த ஆக்‌ஷனை எல்லாப் படங்களிலும் `Batch` வழியாக ஓடவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்ததும் திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

இரவு பத்து மணிக்கு உரிமையாளரின் தாயார் அழைத்தார். “தம்பி, நம் தோட்டம் முழுக்கப் பனியில் கருகிவிட்டதா?” என்று கேட்டார். மகனின் கைபேசியில் படங்களைப் பார்த்திருக்கிறார். உறைபனி விழுந்த பிறகு தேயிலை எப்படி நிறம் மாறும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதே செம்பழுப்பு, மலை முழுவதும். அந்தக் குரலில் இருந்த நடுக்கம் இன்னும் காதில் நிற்கிறது.

கோத்தகிரி மணி

துளிக்குழாயை விட்டிருக்கவே கூடாது. பட்டியலில் `Greens` என்பதைத் தேர்ந்து அதை மட்டும் நகர்த்தியிருந்தால் தேயிலை தப்பியிருக்கும். இலையின் பச்சை பெரும்பாலும் `Yellows` பக்கம்தான் விழும். இன்னொன்று, அளவுகோலைச் சதவீதத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு லோகோவைச் சுற்றித் தேர்வுக் கட்டம் போட்டுப் பதிவுசெய்யுங்கள். படம் எந்த அளவில் இருந்தாலும் கட்டம் சரியாக உட்காரும். நான் ஒரு நாட்காட்டிக்கு 30 படங்களை இப்படித்தான் முடித்தேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

கொடை வாசுகி

மணி அண்ணா, உங்கள் 30 படங்களும் கிடைமட்டமாக இருந்திருக்கும், அதனால் பிழைத்தீர்கள். சதவீதத்தை நம்பித்தான் நானும் மாட்டினேன்.

ஒரு சாக்லேட் கடைக்காகச் செய்த வேலை. பதிவுசெய்த படம் 3000 அகலம், 2000 உயரம். லோகோ 300 பிக்சல் சதுரம். ஆக, கட்டம் அகலத்தில் 10 சதவீதம், உயரத்தில் 15 சதவீதம். அதே ஆக்‌ஷன் 2000 அகலம், 3000 உயரம் உள்ள செங்குத்துப் படத்தில் ஓடும்போது என்ன ஆகும்? கட்டம் 200 அகலமும் 450 உயரமுமாக நீண்டுவிடும். லோகோவின் இடது பக்க மூன்றில் ஒரு பங்கு பழைய பச்சையிலேயே நிற்கும், மேலே 150 பிக்சல் படத்தைக் கட்டம் விழுங்கும். நான் எல்லா நிறத்தையும் சேர்த்து நகர்த்தியிருந்தேன். ஒரு படத்தில் அந்த 150 பிக்சலில் சாக்லேட் பிடித்த குழந்தையின் கை இருந்தது. விரல்கள் நீலமாகிவிட்டன. கடைக்காரர் அதை அச்சுக்கே அனுப்பியிருந்தார்.

பிறகு கண்டுகொண்டது இது. பிக்சல் கணக்கு இடது மேல் மூலையிலிருந்து தொடங்குகிறது, லோகோவோ வலது கீழ் மூலையில் இருக்கிறது. ஆகவே பதிவின் முதல் படியாகப் படத்தை 180 பாகை சுழற்றிவிடுங்கள். லோகோ தலைகீழாக இடது மேல் மூலைக்கு வந்துவிடும். அளவுகோலைப் பிக்சலில் வைத்து அங்கே கட்டம் போடுங்கள், நிறத்தை மாற்றுங்கள், கடைசியில் மறுபடியும் 180 பாகை சுழற்றுங்கள். படம் நின்றாலும் படுத்தாலும் கட்டம் லோகோவின் மேல்தான் விழும்.

நிறத்துக்கும் `Hue` வேண்டாம். பளிச்சென்ற பச்சையை நகர்த்தினால் பளிச்சென்ற சிவப்புதான் கிடைக்கும், அரக்கு கிடைக்காது. எல்லா நிறத்துக்கும் சேர்த்து வெளிச்சத்தைக் குறைத்தால் வெள்ளைக் கட்டமும் சாம்பலாகிவிடும். ஒரே நிற லோகோ, வெள்ளைப் பின்னணி என்றால் முதலில் `Desaturate`, அடுத்து `Levels` பெட்டியில் லோகோ முழுக் கருப்பாகும் வரை இழுங்கள். பிறகு `Fill` பெட்டியில் வேண்டிய அரக்கைக் கொடுத்து முறையை `Screen` என்று வையுங்கள். கருப்பு அரக்காகும், வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், எழுத்து ஓரத்தின் மங்கலும் பிசிறில்லாமல் கலந்துவிடும். நிறத்தை `Color` வழியாகக் கொடுங்கள். `Foreground Color` என்று விட்டால், ஓட்டும் நேரத்தில் பெட்டியில் எந்த நிறம் இருக்கிறதோ அதை ஊற்றிவிடும்.

ஊட்டி ஸ்டூடியோ

படங்கள் பாழாவதைப் பற்றித்தானே பேச்சு? எனக்கும் நடந்தது. கல்யாண ஆல்பத்தில் 140 படங்களுக்கு எங்கள் ஸ்டூடியோ முத்திரையின் நிறத்தை மாற்றினேன். இரண்டு மணி நேரம் ஓடியது. முடிந்ததும் கோப்புறையைத் திறந்தால் ஒரே ஒரு படம். பந்தியில் பாயசம் குடிக்கும் ஒரு தாத்தா.

காரணத்தைச் சொல்கிறேன், எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். `Save As` படியைப் பதிவுசெய்யும்போது பெயர்க் கட்டத்தில் கை வைத்துவிட்டேன். பெயரைத் தொட்டால் ஆக்‌ஷன் அந்தப் பெயரையே மனப்பாடம் செய்துகொள்ளும். 140 படங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக அதே பெயரில் விழுந்தன, கடைசியாக விழுந்தது தாத்தா. ஆகவே பெயரைத் தொடாதீர்கள். `Batch` பெட்டியில் `Destination` இடத்தில் `Folder` என்று வைத்து வேறொரு காலிக் கோப்புறையைக் காட்டுங்கள். கூடவே `Override Action "Save As" Commands` என்பதில் டிக் போடுங்கள். அப்போது படத்தின் தரம் மட்டும் பதிவிலிருந்து வரும், பெயரும் இடமும் பெட்டியில் நீங்கள் வைத்தபடி வரும். `Save and Close` பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள், மூலப் படத்தின் மேலேயே எழுதிவிடும். மூலப் படங்களை இரண்டு வட்டில் வையுங்கள். ஒரு வட்டை வேறு வீட்டில் வையுங்கள், இந்த மழையில் எதுவும் சொல்வதற்கில்லை.

கொடை வாசுகி

அந்த டிக்கில் ஒரு குழி உண்டு. ஆக்‌ஷனுக்குள் `Save As` படியே இல்லாமல் டிக் மட்டும் போட்டால் ஒரு படமும் சேமிக்கப்படாது. எல்லாம் ஒழுங்காக ஓடியதுபோலத்தான் தெரியும், கோப்புறை காலியாக இருக்கும்.

கூடலூர் பக்கம்

எதற்கு இந்தத் தலைகீழ் வித்தையெல்லாம்? புதிய அரக்கு லோகோவை வெள்ளைக் கட்டத்தோடு ஒரு துண்டாகச் செய்து, பழையதின் மேல் ஒட்டுங்கள். வேலை முடிந்தது. பத்து ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன்.

கோத்தகிரி மணி

ஒட்டும் துண்டையும் அதே மூலையில் உட்கார வைக்கத்தானே வேண்டும்? அங்கேயும் இடப் பிரச்சினை அப்படியே இருக்கிறதே. வாசுகி சொன்னதை நேற்று முயன்று பார்த்தேன். சதவீதத்தைப் பற்றி நான் சொன்னது செங்குத்துப் படத்துக்குப் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். `Greens` பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

குன்னூர்க்காரன்

மணி அண்ணா, எங்கள் லோகோவைத் துளிக்குழாயால் தொட்டபோது பட்டியல் தானாக `Yellows` பக்கம்தான் போனது. இலையும் லோகோவும் ஒரே வீட்டில் இருந்தால் எதைப் பிரிப்பது?

வாசுகி அக்கா சொன்னபடி நேற்றிரவு மூலப் படங்களில் ஓட்டினேன். இந்த முறை ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தேன். 57 படங்களில் லோகோ அரக்காகிவிட்டது, மலை பச்சையாகவே இருக்கிறது. மீதி 7 படங்கள் யாரோ கைபேசி வழியாக அனுப்பும்போது சுருங்கியவை. அவற்றில் லோகோ 300 பிக்சல் இல்லை, 160தான். லோகோ மாறிவிட்டது, ஆனால் கட்டம் அதைத் தாண்டிப் படத்துக்குள்ளும் போய்விட்டது. சுற்றியுள்ள தேயிலைச் செடி அரக்கும் இளஞ்சிவப்புமாக இருக்கிறது. அந்த ஏழையும் தனியாகப் பிரித்து 160க்கு இன்னொரு ஆக்‌ஷன் பதிவதா, பெரிய மூலத்தைத் தேடுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த அம்மாவுக்கு இன்னும் எதையும் அனுப்பவில்லை.