சிக்னல் இல்லாத ஊரில் இருந்து எடுத்த லீவுக்கு இப்போது விண்ணப்பிக்கலாமா?

அணைக்கட்டு டீச்சர்: நான் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் வேலை செய்கிறேன். மாமனார் வீடு பீஞ்சமந்தை பக்கம் மலை மேலே. ஞாயிறு இரவு மாமனார் விழுந்து இடுப்பில் அடி. அங்கே போனில் ஒரு கோடு கூட வரவில்லை. திங்கள் காலை ஒடுகத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஹெச்.எம்.முக்கு வாட்ஸ்அப் போனது, அப்போது மணி பதினொன்று. செவ்வாயும் வர முடியாது என்று அதிலேயே எழுதினேன். புதன் போனால் பதிவேட்டில் திங்களுக்கு ஆப்சென்ட், செவ்வாய் கட்டம் காலி. "வெள்ளிக்கிழமை தேதி போட்டு லெட்டர் கொடுங்க, சி.எல். ஆக்கிடலாம்" என்கிறார். கொடுக்கலாமா?

பாலாற்றுக்கரை: கொடுத்துவிடுங்கள் டீச்சர். ஹெச்.எம்.மே சொல்லும்போது என்ன பயம்? எங்கள் பள்ளியில் தேதி போடாத லெட்டர் ஒன்று எப்போதும் மேசை டிராயரில் இருக்கும். சி.எல். வருஷத்துக்கு 12 நாள் நம் உரிமை.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்: உரிமை இல்லை தம்பி. எந்த லீவையும் உரிமையாகக் கேட்க முடியாது. கணக்கில் இருப்பு இருக்கிறது என்பது வேறு, அனுமதி கிடைப்பது வேறு.

டீச்சர், வெள்ளிக்கிழமை தேதி மட்டும் போடாதீர்கள். மாமனார் விழுந்தது ஞாயிறு இரவு, ஓ.பி. சீட்டில் திங்கள் தேதி. அந்தக் காரணத்தை வெள்ளிக்கிழமையே எழுதியதாக லெட்டர் சொன்னால், பார்க்கிறவருக்கு ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிறகு லீவைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், பொய் ஆவணம் பற்றித்தான் கேட்பார்கள். வாங்கி வைத்த ஹெச்.எம்.மும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்.

புதன்கிழமைத் தேதியிலேயே எழுதுங்கள். "ஞாயிறு இரவு முதல் திங்கள் காலை ஒடுகத்தூர் வந்து சேரும் வரை தொலைபேசித் தொடர்பு இல்லாததால் முன் அனுமதி பெற இயலவில்லை. இரு நாட்களுக்கும் தற்செயல் விடுப்பு அனுமதித்துப் பின்னேற்பு வழங்கக் கோருகிறேன்." இவ்வளவு போதும். ஓ.பி. சீட்டு நகல், வாட்ஸ்அப் போன நேரம் தெரிகிற படம் இரண்டையும் இணையுங்கள். அரசு ஊழியர்கள் லீவு போடும் களஞ்சியம் செயலி பழைய தேதியை ஏற்காவிட்டாலும் காகிதத்தில் கொடுத்து, நகலில் பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனி: எனக்கும் இதே கதை. ஜமுனாமரத்தூர் போய் மாட்டிக்கொண்டேன். இ.எஸ்.ஐ. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்ததும் சரியாகிவிட்டது. நீங்களும் மெடிக்கல் போடுங்களேன்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்: அது உங்களுக்கு உடம்பு சரியில்லாததற்கு. இங்கே படுத்தது மாமனார். டீச்சர் பெயரில் மெடிக்கல் போட்டால் அதுவும் பொய்தான்.

மலையடிவார ஹெச்.எம்.: நான் மறுபக்கம் நிற்கிறவன். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் வராவிட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்க வேண்டும். ஒன்பது மணி வரை வருவாரா மாட்டாரா என்று தெரியாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமை. சிக்னல் இல்லை என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள், சரிபார்க்கவும் வழியில்லை. காலையில் கீழே இறங்குகிற யாரிடமாவது சொல்லி அனுப்பியிருக்கலாமே?

அணைக்கட்டு டீச்சர்: இறங்கிய முதல் வண்டியே நாங்கள் வந்ததுதான் சார்.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்: ஹெச்.எம். சார் கேட்பது நியாயமான கேள்விதான். அதனால்தான் இரண்டு நாளையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். சிக்னல் காரணம் திங்கள் காலைக்கு மட்டும் பொருந்தும். செவ்வாய்க்கு அது பொருந்தாது. ஆனால் செவ்வாய்க்கு முந்தைய நாளே தகவல் வந்துவிட்டது, மறுப்பு வரவில்லை. தகவல் கொடுத்தால் அனுமதி கிடைத்ததாக ஆகாது, ஆனாலும் சொல்லாமல் நின்றதாகவும் ஆகாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சி.எல். மறுக்கப்பட்டு அந்த நாள் ஊதியமில்லா அசாதாரண விடுப்பாக முடிந்தால் சம்பளம் போவதோடு நிற்காது. மருத்துவச் சான்று இல்லாத அந்த நாட்கள் ஆண்டு ஊதிய உயர்வுக்குக் கணக்கில் வராது. இன்னும் முற்றினால் ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(அ) குறிப்பாணை. ஒரு திங்கட்கிழமைக்காக அவ்வளவு தூரம் போக விடக் கூடாது.

பாலாற்றுக்கரை: அப்போ பதிவேட்டில் போட்ட ஆப்சென்ட்? வெள்ளை மை தடவிவிட்டால் ஆயிற்று.

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்: தடவவே கூடாது. அனுமதி ஆணை வந்த பிறகு, பழைய குறி தெரியும்படி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் த.வி. என்று எழுதி, ஹெச்.எம். தேதியோடு சுருக்கொப்பம் இட வேண்டும். செவ்வாய்க் கட்டத்தைக் காலியாக விட்டதும் தவறு. அன்றைக்கே ஏதாவது குறித்திருக்க வேண்டும்.

மலையடிவார ஹெச்.எம்.: காலி விட்டது எங்கள் ஆள் தவறு, ஒத்துக்கொள்கிறேன். திங்களை மட்டும் நானாக இருந்தால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் கேட்காமல் அனுமதிக்க மாட்டேன். ஒருமுறை கொடுத்தால் அடுத்தவரும் அதையே காட்டுவார்.

அணைக்கட்டு டீச்சர்: புதன் தேதியிலேயே லெட்டர் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கு சி.எல். தருகிறேன் என்கிறார். திங்களைப் பற்றி வட்டார அலுவலகத்தில் கேட்டுத்தான் சொல்வாராம். நகலில் கையெழுத்து கேட்டேன், "எதுக்கு டீச்சர் அதெல்லாம்" என்றார். கேட்டு வாங்கத்தான் வேண்டுமா ஐயா?

ஓய்வுபெற்ற கண்காணிப்பாளர்: வாங்குங்கள் அம்மா. தரவில்லை என்றால் அதே லெட்டரை இன்றே பதிவுத் தபாலில் பள்ளி முகவரிக்கு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.